கடையில் தரையில் விழுந்து அழும் குழந்தை: ஆத்திரம் அடங்கும் வரை என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பெங்களூரில் ஜெயநகரில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பேசுவது கன்னடம். போன ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் தரையில் படுத்துக் கத்தித் தீர்த்துவிட்டான். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கடைசியில் ஃபோனில் பாட்டுப் போட்டுக் கொடுத்துத்தான் தூக்கி வந்தேன். “ரெண்டு அடி போட்டா அடங்கிடுவான்” என்கிறார் மாமியார். இந்த வயதில் இது சகஜமா? வெளியிடத்தில் இப்படி நடந்தால் பதறாமல் இருப்பது எப்படி?

பதில்: சகஜம்தான். உங்கள் மகன் இருக்கும் வயது, இது உச்சத்தை நோக்கி ஏறுகிற வயது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மைக்கேல் பொட்டீகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள், தங்கள் குழந்தை கடைசியாக இப்படி அழுதபோது நொடிக்கு நொடி என்ன நடந்தது என்று பெற்றோரை எழுதித் தரச் சொல்லி, அவற்றை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளில் 87 விழுக்காட்டினரிடமும், இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 91 விழுக்காட்டினரிடமும் இது இருந்தது. மூன்றரை முதல் நான்கு வயதுக்குள் 59 விழுக்காடாகக் குறைந்தது. ஆக, இரண்டரை வயதில் ஒருமுறைகூட இப்படி அழாத குழந்தைதான் அபூர்வம்.

வயதுக்கு வயது இதன் சாயல் மாறுகிறது. ஒரு வயதை ஒட்டிய குழந்தை, கையில் இருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கினால் உடம்பை வில்லாக வளைத்து அலறும். ஜன்னலில் காக்கையைக் காட்டினால் அடுத்த நிமிடமே மறந்துவிடும். ஒன்றரை வயதுக்குப் பிறகு அப்படி மறப்பதில்லை. தனக்கு வேண்டியது இன்னது என்று மனதில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளத் தெரிந்துவிட்டது, ஆனால் அதைக் கேட்கச் சொற்கள் இன்னும் வரவில்லை என்பதால் கை, கால், தொண்டை மூன்றும் சொற்களின் வேலையைச் செய்கின்றன.

இரண்டிலிருந்து மூன்று வரைதான் பெற்றோரைத் திகைக்க வைக்கும் காலம், ஏனென்றால் காரணமே புரியாது. தோசையை ஆறவைத்துப் பிய்த்துத் தட்டில் போடுகிறீர்கள். குழந்தை முழுத் தோசையை எதிர்பார்த்திருந்தது. “வேற தோசை தரேன்” என்றால் வேண்டாம். அந்தத் தோசையே மறுபடி முழுசாக வேண்டும். பிய்ந்த இரண்டு துண்டையும் ஒட்டவைத்துத் தள்ளி, அது ஒட்டாததைப் பார்த்து மேலும் வீறிடும். இதைப் பெரியவர்கள் அடம் என்கிறோம். என் பார்வையில் இது அடத்தைவிட ஏமாற்றத்துக்கு நெருக்கமானது. உலகம் ஓர் ஒழுங்கில் நடக்கும் என்று இந்த வயதில்தான் குழந்தை முதன்முதலாகக் கண்டுபிடிக்கிறது. லிஃப்ட் பட்டனைத் தான் அழுத்துவது, நீலத் தம்ளரில் பால் வருவது, செருப்பை வலது காலில் முதலில் போடுவது எல்லாம் அந்த ஒழுங்கில் சேர்ந்தவை. அது கலையும்போது அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்ளும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதும் கடக்க வேண்டும். இரண்டு வயதில் அதன் வேலை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது.

மூன்று வயதுக்கு மேல் எண்ணிக்கை குறைந்து, பேரம் கூடும். எந்தத் தாத்தா இரங்குவார், எந்த இடத்தில் அம்மா விட்டுக்கொடுப்பாள் என்ற கணக்கும் அழுகைக்குள் கொஞ்சம் கலக்கத் தொடங்குவது இந்த வயதில்தான். நான்கு வயதில் பசி, தூக்கம், உடம்பு சரியில்லாமை ஆகியவை சேர்ந்த நாளில் வருவது இயல்பு. தினமும் பலமுறை வருவது மட்டும் கவனிக்க வேண்டியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது, கடையில் உங்களுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும் ஒன்றுக்கு வருகிறேன். மேலே சொன்ன ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த விழுக்காடுகள் அல்ல, ஒரே அழுகைக்குள் இரண்டு உணர்ச்சிகள் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றன என்ற கண்டுபிடிப்பு. கத்துவது, உதைப்பது, அடிப்பது, பொருளை எறிவது எல்லாம் ஆத்திரம். அது தொடங்கியவுடனேயே, அல்லது தொடங்கிச் சற்று நேரத்திலேயே உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்குகிறது. விம்முவது, சிணுங்குவது, கையை நீட்டித் தூக்கச் சொல்வது எல்லாம் துக்கம். அது முதலிலிருந்தே ஆத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. ஆத்திரம் இறங்க இறங்க வெளியே தெரிகிறது. கடைசியில் அதுதான் மிஞ்சுகிறது. நான்கில் மூன்று பங்கு அழுகைகள் ஐந்து நிமிடத்திலோ அதற்குள்ளோ முடிந்துவிடுகின்றன. இன்னொன்றும் கண்டார்கள்: முதல் அரை நிமிடத்துக்குள் தரையில் விழுந்தோ காலைத் தரையில் ஓங்கி மிதித்தோ தொடங்கும் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது. உங்களுக்கு அவமானமாகத் தோன்றிய அந்தத் தரையில் படுத்தல், உண்மையில் மோசமான அறிகுறியே அல்ல.

இதிலிருந்து நான் பெற்றோரிடம் சொல்வது ஒன்றுதான்: ஆத்திரம் இருக்கும் வரை பேச வேண்டாம், துக்கம் வெளிப்பட்டவுடன் தூக்குங்கள். நடைமுறையில் நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். ஆத்திரத்தின் உச்சத்தில் சமாதானம் சொல்கிறோம், கேள்வி கேட்கிறோம், மிரட்டுகிறோம். ஒவ்வொரு சொல்லும் எரிகிற அடுப்பில் விறகு மாதிரி விழுகிறது. பிறகு குழந்தை ஓய்ந்து விம்மிக்கொண்டு கையை நீட்டும்போது, நம் ஆத்திரம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது; “போ, என்கிட்ட வராதே” என்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்கிறேன். குழந்தை வளர்ச்சி மையம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அங்கே வந்துபோன ஒரு தந்தையும் அவருடைய இரண்டு வயது ஏழு மாத மகளும் எனக்கு முன்னால் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கினார்கள். மாலை ஏழு மணி, கூட்டம். நம்ம மெட்ரோவில் டோக்கன் எடுத்தால் உள்ளே போகும்போது அதைக் காட்டுகிறோம், வெளியேறும்போது வாயிலில் உள்ள துளையில் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் மூன்று பயணங்களில் அந்தத் துளையில் டோக்கனைப் போட்டது மகள்தான். அன்று பின்னால் ஆட்கள் நெருக்கியதால் அப்பா தாமே போட்டுவிட்டார். டோக்கன் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது, கதவு திறந்தது, அவ்வளவுதான். குழந்தை வாயிலைத் தாண்டியவுடன் திரும்பி, மூடிய கதவை நோக்கி ஓடி, முடியாமல் தரையில் விழுந்து அலறத் தொடங்கியது. விழுந்த டோக்கனை எடுக்க வழியில்லை. பிய்ந்த தோசை போலத்தான்.

அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் குழந்தையின் இரண்டு அக்குளுக்கும் கீழே கைகொடுத்து, முதுகு தம் மார்பில் படும்படி தூக்கினார். முகத்தோடு முகம் வைத்துத் தூக்கினால் தலையால் மோதிக்கொள்ளும், கன்னத்தில் கீறும். முதுகுப் பக்கமாகத் தூக்கினால் கால்கள் காற்றில்தான் உதைக்கும். வாயிலிலிருந்தும் எஸ்கலேட்டரிலிருந்தும் விலகி, பத்தடி தள்ளிச் சுவரோரமாக வந்து இறக்கிவிட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார். “டோக்கன் நீ போடணும்னு நினைச்சே. அப்பா போட்டுட்டேன்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. குழந்தை சுவரை உதைத்தது, அவருடைய முழங்காலில் அடித்தது. அடித்த கையை மெல்ல விலக்கிப் பிடித்தார், மறுபடி விட்டார். அவர் பார்வை குழந்தையின் கண்ணில் இல்லை, காலடியில் இருந்தது. முறைப்பதுபோல் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்ததாகப் பிறகு சொன்னார்.

இதற்குள் ஒரு பெண்மணி பையிலிருந்து சாக்லேட்டை எடுத்து நீட்டினார். காவலரும் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். “பரவாகில்ல, எரடு நிமிஷ, சரி ஹோகுத்தே” என்றார் அவர் இருவரையும் பார்த்து. “பரவாயில்லை, ரெண்டு நிமிஷம், சரியாகிவிடும்” என்று பொருள்படும் அந்தக் கன்னட வாக்கியத்தை நான் அதன் பிறகு பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு ஒரு பதில் கையில் தயாராக இருந்தால், கவனத்தைக் குழந்தையிடமிருந்து எடுக்க வேண்டியதில்லை. விளக்கமும் மன்னிப்பும் தேவையில்லை.

இரண்டு நிமிடம் இருக்கும். அலறலின் சுருதி இறங்கியது. இடையே மூச்சு வாங்கல், பிறகு “அப்பா” என்று ஒரு விம்மல். காதைக் கொடுத்துக் கேட்டால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும்: ஆத்திரத்தின் கத்தல் நீளமாக, கூர்மையாக, மூச்சு முழுவதையும் செலவழித்து வரும், துக்கத்தின் அழுகை துண்டு துண்டாக, கீழ்ச்சுருதியில் வரும். அவர் அந்த நொடியில் கையை விரித்தார். குழந்தை வந்து தோளில் படுத்துக்கொண்டது. இன்னும் இரண்டு நிமிடம் விம்மியது. அவர் முதுகைத் தடவியபடி எழுந்து நடந்தார். படி இறங்கும்போதுதான், “நாளைக்கு டோக்கன் யார் போடறது?” என்று கேட்டார். குழந்தை தன் நெஞ்சில் தட்டிக் காட்டியது.

அந்தக் கடைசிக் கேள்வி சிலருக்கு விட்டுக்கொடுத்ததுபோல் தோன்றலாம். அப்படி இல்லை. அழுததற்காக எதுவும் கிடைக்கவில்லை. அன்றைய டோக்கன் போனது போனதுதான். மறுநாளைக்கான ஒழுங்கு மட்டும் திரும்ப நிலைநிறுத்தப்பட்டது. அவர் காவலரிடம் வேறொரு டோக்கன் வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், ஆத்திரத்தின் உச்சத்தில் குழந்தை அதையும் எறிந்திருக்கும் என்பதே என் அனுபவம்.

இனி நீங்கள் கொடுத்த ஃபோன். பாட்டுப் போட்டதும் அழுகை நின்றது, அதனால் அது வேலை செய்ததாகத் தோன்றுகிறது. உண்மையில் ஆத்திரம் தானாக இறங்கும் தறுவாயில் இருந்தபோதுதான் ஃபோன் வந்திருக்கும். பெருமை ஃபோனுக்குப் போய்விட்டது. குழந்தை அன்று கற்றது இரண்டு: இந்த நிலையிலிருந்து வெளியே வருவதற்குத் திரை வேண்டும் என்பது ஒன்று, பில் போடும் இடத்தில் இவ்வளவு நேரம் கத்தினால் திரை கிடைக்கும் என்பது மற்றொன்று. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயதுக்குள் உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பைத் தவிரத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், பெரியவர் உடனிருக்கப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கொடுத்தாலும், அழுகையை நிறுத்தும் மருந்தாக அதைக் கொடுக்க வேண்டாம் என்பேன். ஒரு நாள் கொடுத்துவிட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. சில நாள் கொடுத்துச் சில நாள் மறுப்பதுதான் மிகவும் சிக்கலானது, ஏனென்றால் எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் குழந்தை மிக நீண்ட நேரம் விடாமல் அழும். நீங்கள் நிறுத்த முடிவு செய்தால், அடுத்த சில தடவைகள் அழுகை முன்பைவிடக் கூடும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் நாமும் முதலில் இன்னும் பலமாகத்தான் தட்டுவோம். அந்தக் கூடுதல் ஓய்வதற்கு முன் பாதியில் கொடுத்துவிட்டால், பலமாகத் தட்ட வேண்டும் என்பது பாடமாகிவிடும்.

மாமியார் சொன்ன அடி பற்றி: அடித்தால் குழந்தை சில நேரம் அடங்குவது உண்மை, அவர் கண்டதைத்தான் சொல்கிறார். அங்கே ஆத்திரத்தைப் பயம் மூடுகிறது, அவ்வளவுதான். ஆத்திரத்துக்குக் கீழே இருந்த துக்கம் அப்படியே இருக்கிறது, அதோடு ஓடிவந்து ஒண்டிக்கொள்ள வேண்டிய ஆளே பயப்பட வேண்டிய ஆளாகவும் ஆகிவிடுகிறார். கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதையும் குழந்தை நம் கையிலிருந்தே கற்றுக்கொள்கிறது. “போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்”, “இங்கேயே விட்டுட்டுப் போறேன்” என்பவையும் இந்த இனத்தில் சேர்ந்தவைதான். கடைசியாகச் சொன்னது இரண்டு வயதுக் குழந்தைக்கு எல்லாவற்றையும்விடக் கொடியது, ஏனென்றால் அது அதை நம்புகிறது. உங்கள் மாமியாரிடம் இதை வாதமாகச் சொல்வதைவிட, ஒரு வேலையைக் கொடுங்கள். “அத்தை, அவன் அழும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் பையையும் பில்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வெளியே கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் பேசுவதுதான் வெளியிடங்களில் அழுகையை நீட்டிக்கும் முதற்காரணம் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் நெஞ்சு படபடப்பதும் முகம் சூடாவதும் உங்கள் விருப்பத்தில் இல்லை. குழந்தையின் அலறல் தாயின் உடம்பை உலுக்கும்படியாகவே அமைந்திருக்கிறது. ஆகவே மனதை அமைதிப்படுத்த முயலாமல், உடம்பிலிருந்து தொடங்குங்கள். முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசும்போது குரல் தானாக உயர்கிறது. தரையில் அமர்ந்தால் தாழ்கிறது. அடுத்து, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி நான்கைந்து முறை விடுங்கள். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத்துடிப்பு இறங்குகிறது. மூன்றாவதாக, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த உத்திகளில் இது எளிமையானது, இருந்தும் அதிகம் உதவுவது இதுவே. அழுகை கால்மணி நேரம் நீடித்ததாகப் பெற்றோர் சொல்வார்கள், கடிகாரம் நான்கு நிமிடம் என்று காட்டும். முடியப்போகிறது என்று தெரிந்தால் காத்திருக்கத் தெம்பு வருகிறது. பார்ப்பவர்களைப் பொறுத்தவரை, அவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகக் குழந்தையைக் கண்டிக்கும்போதுதான் நாம் பிறகு வருந்தும் காரியங்களைச் செய்கிறோம்.

உட்கார்ந்து காத்திருக்க முடியாத இடங்கள் உண்டு. சாலை, எஸ்கலேட்டர், கண்ணாடி அடுக்கு, கோவில் பிரகாரத்தில் விளக்கு எரியும் இடம் ஆகியவற்றிலிருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் முதுகுப் பக்கமாகத் தூக்கி விலகிவிடுங்கள். குழந்தை உங்களையோ இன்னொரு குழந்தையையோ கடித்தால் “கடிக்கக் கூடாது” என்று சுருக்கமாகச் சொல்லி விலக்குவது போதும். அதற்கு மேல் விளக்கம் பிறகு. கேட்ட பொருளை வேண்டாம் என்று சொல்லித்தான் அழுகை தொடங்கியிருந்தால், அந்தப் பொருள் கண்ணில் படாத இடத்துக்குப் போவது பாதி வேலையை முடித்துவிடும்.

வாரத்துக்கு ஒருமுறையாவது எங்கள் மையத்துக்குப் பெற்றோர் அலறியடித்து வரும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் அழத் தொடங்கி, மூச்சை வெளியே விட்டபடியே அப்படியே நிறுத்திவிடும். உதடு நீலமாகி, சில நேரம் துவண்டு ஒரு கணம் நினைவு தப்பும். இது ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுவரை வரக்கூடியது. குழந்தை வேண்டுமென்று செய்வதல்ல. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உலுக்காமல் இருந்தால் மூச்சு தானாகத் திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் அது அவசரம். முதல் தடவை வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், இரும்புச்சத்துக்கான ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, இரும்புச்சத்து சிரப் தொடர்ந்து கொடுத்துவர, பல குழந்தைகளுக்குக் குறைகிறது.

எது இயல்பைத் தாண்டியது? மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு சில அடையாளங்களைத் தந்தது. பெரும்பாலான அழுகைகளில் பெற்றோரையோ பொருள்களையோ தாக்குவது, தன்னையே கடித்துக்கொள்வது, தலையைச் சுவரில் வேண்டுமென்றே மோதிக்கொள்வது, சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒரே நாளில் ஐந்து தடவைக்கு மேல் பல நாள்கள் வருவது, பெரியவர் உதவியின்றித் தானாக ஒருபோதும் அடங்க முடியாமலிருப்பது ஆகியவை அவை. இரண்டு வயதில் தன்னைக் கடித்துக்கொள்வது எப்போதாவது நடந்தால் அதையே நோயாகக் கொள்ள வேண்டாம். அதே செயல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு மொழி என்பதால் பேச்சைத் தனியாகக் கவனியுங்கள். சொற்கள் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இத்தகைய அழுகை கடுமையாக வருகிறது. இரண்டு வயதில் குறைந்தது ஐம்பது சொற்களும், “அம்மா வா”, “பால் வேணும்” போல இரண்டு சொற்களைச் சேர்ப்பதும் எதிர்பார்க்கப்படுகின்றன. எண்ணும்போது தமிழ், கன்னடம், விளையாட்டுப் பள்ளியில் கேட்ட ஆங்கிலம் அனைத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். “தண்ணி”யும் “நீரு”ம் இரண்டு சொற்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை, ஆகவே ஒரு மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையை ஏற்க வேண்டாம். எல்லா மொழிகளையும் கூட்டியும் அந்த எண்ணிக்கை எட்டவில்லை என்றாலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல், விரலால் எதையும் சுட்டிக் காட்டாமல் இருந்தாலும், காத்திருக்காமல் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும், நிமான்ஸின் குழந்தை மனநலப் பிரிவும் அரசு சார்ந்தவை. அங்கே போகத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பில் போடும் வரிசையில் ஏன் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டான், மதியம் தூங்கினானா என்பவை இல்லை. என் யூகம், அன்று தூக்கம் தள்ளிப்போயிருக்கும். தூங்கி எழுந்து, தின்பதற்கு ஏதாவது கொடுத்த பிறகு போங்கள், நாற்பது நிமிடத்துக்குள் வெளியே வருவதுபோல் பட்டியலைச் சுருக்குங்கள். கடைக்குள் நுழையும் முன், “பிஸ்கட் ஒண்ணு எடுக்கலாம், அப்புறம் பில், அப்புறம் ஆட்டோ” என்று வரிசையை அவனிடம் சொல்லுங்கள். பில் போடும்போது வாழைப்பழத்தை பில் மேசையின் மீது வைக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். அப்படியும் தரையில் விழுந்தால், வண்டியை அப்படியே ஓரமாக விட்டு, அவனை வெளியே படிக்கட்டுக்குத் தூக்கிவந்து பக்கத்தில் உட்காருங்கள். வண்டியை ஐந்து நிமிடம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரரிடம் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.